எதை எவ்வளவு செய்வது? மட்டுப்படுத்தும் காரணியும் நேரியல் நிரலாக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் முகாமைத்துவக் கணக்கீடு படிக்கும் பிள்ளைகளும், வீட்டோடு சிறு தொழில் நடத்துகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

எல்லாப் பதிலுக்கும் ஒரே உதாரணம்தான். சுன்னாகப் பக்கம் இரண்டு அரைக்கும் மில் வைத்து கறித்தூள், ஒடியல் மா, சத்துமா மூன்றும் செய்து விற்கும் ஒரு சிறு தொழிலகம். ஒவ்வொரு மில்லும் கிழமைக்கு 40 மணித்தியாலம் ஓடும். ஆக மொத்தம் 80 மணித்தியாலம், அதாவது 4,800 நிமிடம். கீழே உள்ள தொகைகள் கணக்குக்காக நான் வைத்தவை. இன்றைய சந்தை விலை என்று எடுக்க வேண்டாம்.

| ஒரு கிலோவுக்கு | கறித்தூள் | ஒடியல் மா | சத்துமா |
|---|---|---|---|
| விலை (ரூ.) | 1,800 | 1,200 | 1,000 |
| மாறும் கிரயம் (ரூ.) | 1,300 | 840 | 720 |
| பங்களிப்பு (ரூ.) | 500 | 360 | 280 |
| அரைக்கும் நிமிடம் | 10 | 6 | 4 |
| கிழமைக் கேள்வி (கிலோ) | 300 | 200 | 400 |

மட்டுப்படுத்தும் காரணி எது எண்டு கேள்வியில சொல்லாட்டி எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

வாடிக்கையாளர் கேட்கிற அளவு, அதாவது அட்டவணையில் உள்ள கேள்வி, முழுவதையும் செய்து கொடுப்பதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளமும் எவ்வளவு தேவைப்படும் என்று கூட்டிப் பாருங்கள். கறித்தூளுக்கு 3,000 நிமிடம், ஒடியல் மாவுக்கு 1,200, சத்துமாவுக்கு 1,600. மொத்தம் 5,800 நிமிடம். இருப்பதோ 4,800. 1,000 நிமிடம் குறைகிறது. அதனால் அரைக்கும் நேரம்தான் மட்டுப்படுத்தும் காரணி. வேலையாள், மூலப்பொருள், காசு ஒவ்வொன்றுக்கும் இதே கூட்டலைச் செய்ய வேண்டும். எது பற்றாதோ அதுவே காரணி. எதுவும் தட்டுப்படாவிட்டால் விற்பனைதான் எல்லை. அப்போது கேட்கிற அளவை எல்லாம் செய்து கொடுத்துவிடலாம்.

இது நிரந்தரமான ஒன்றல்ல. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனபோது, அதுவரை விற்பனையையே யோசித்துக்கொண்டிருந்த தொழிலுக்கும் மில் ஓடும் நேரம் எல்லையாகியிருக்கும். ஒவ்வொரு காலத்துக்கும் கூட்டலைப் புதிதாகச் செய்வதுதான் சரி.

சேர், கிலோவுக்குக் கூடக் காசு தாற சாமானைத்தானே முதல்ல செய்ய வேணும்?

இல்லை. தட்டுப்பாடான வளத்தின் ஒரு அலகுக்கு எது கூடத் தருகிறது என்று பார்க்க வேண்டும். கறித்தூள் கிலோவுக்கு ரூ. 500 தருகிறது, ஆனால் மில்லை 10 நிமிடம் பிடித்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு ரூ. 50. ஒடியல் மா நிமிடத்துக்கு ரூ. 60. சத்துமா ரூ. 70. ஆகவே வரிசை தலைகீழாகிறது: சத்துமா, ஒடியல் மா, கடைசியாகக் கறித்தூள்.

சத்துமா 400 கிலோவும் ஒடியல் மா 200 கிலோவும் முழுதாகச் செய்தால் 2,800 நிமிடம் போகும். மிச்சம் 2,000 நிமிடத்தில் கறித்தூள் 200 கிலோ வரும். மொத்தப் பங்களிப்பு 1,12,000 + 72,000 + 1,00,000 = ரூ. 2,84,000. இனி நீங்கள் சொன்ன வரிசையில் செய்து பார்ப்போம். கறித்தூள் 300, ஒடியல் மா 200, மிச்சம் 600 நிமிடத்தில் சத்துமா 150. பங்களிப்பு ரூ. 2,64,000. ஒரே மில், ஒரே ஆட்கள், கிழமைக்கு ரூ. 20,000 குறைவு. அது எங்கே போனது என்பதும் தெளிவு: 1,000 நிமிடத்தை நிமிடத்துக்கு 70 தரும் வேலையிலிருந்து எடுத்து 50 தரும் வேலைக்குக் கொடுத்திருக்கிறோம்.

வாடகை, சம்பளம் எல்லாம் கழிச்ச லாபத்தை வச்சுப் பாத்தா இன்னும் சரியா வராதோ?

பிழையாக வரும். எதைக் கூடச் செய்தாலும் வாடகை மாறாது. அதைக் கிலோவுக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக் கழித்தால், மாறாத ஒன்று வரிசையை மாற்றிவிடுகிறது. கிலோவுக்கு ரூ. 150 என்று போட்டுப் பாருங்கள். சத்துமாவின் இலாபம் 130 ஆகி, நிமிடத்துக்கு ரூ. 32.50 வரும். மற்ற இரண்டும் நிமிடத்துக்கு ரூ. 35 காட்டும். முதலாம் இடத்தில் இருந்த சத்துமா கடைசிக்குப் போய்விடும். உண்மையில் எதுவுமே மாறவில்லை, பங்கிட்ட விதம் மட்டும்தான்.

சம்பளத்தில் கவனம் தேவை. கிலோக் கணக்கில் கூலி கொடுத்தால் அது மாறும் கிரயம். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதச் சம்பளம் என்றால் அது நிலையான கிரயம், பங்களிப்பைக் கணக்கிடும்போது கழிக்கக்கூடாது. பரீட்சைத் தாளில் இந்த ஒரு வரியை வாசிக்காமல் போகிறவர்கள்தான் கூட.

வெள்ளவத்தைக் கடைக்கு 250 கிலோ கறித்தூள் தாறன் எண்டு வாக்குக் குடுத்திட்டன். இப்ப என்ன செய்யிறது?

வாக்குக் கொடுத்ததை முதலில் ஒதுக்குங்கள், பிறகு மிச்ச நேரத்துக்கு வரிசையைப் பாவியுங்கள். 250 கிலோவுக்கு 2,500 நிமிடம். மிச்சம் 2,300. அதில் சத்துமா 400 கிலோவுக்கு 1,600 போக, 700 நிமிடத்தில் ஒடியல் மா சுமார் 116.7 கிலோ. பங்களிப்பு 1,25,000 + 1,12,000 + 42,000 = ரூ. 2,79,000.

முன்பு 2,84,000. ஆகவே இந்த வாக்கின் விலை கிழமைக்கு ரூ. 5,000. அந்தக் கடையோடு உறவு நீடிப்பது அதற்கு மேல் பெறுமதி என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். அடுத்த முறை விலை பேசும்போது இந்த 5,000 உங்கள் கையில் ஒரு தரவு: மேலதிகமாகப் போகும் 50 கிலோவுக்குக் கிலோ ரூ. 100 கூடக் கேட்டால் இழப்பு சமனாகும்.

மில் நேரமும் பற்றாது, பொதி கட்ட ஆளும் பற்றாது. எந்த வரிசையைப் பாக்கிறது?

இந்த இடத்தில்தான் வரிசை முறை கைவிடுகிறது. ஒடியல் கிடைக்காத ஒரு காலத்தை எடுப்போம். கறித்தூளும் சத்துமாவும் மட்டும். கேள்வி கறித்தூளுக்கு 400, சத்துமாவுக்கு 600 கிலோவாகக் கூடியிருக்கிறது. துப்புரவாக்கிப் பொதி கட்டும் வேலைக்குக் கறித்தூள் கிலோவுக்கு 6 நிமிடம், சத்துமாவுக்கு 8 நிமிடம் தேவை. தானியம் புடைத்துக் கல் பொறுக்க வேண்டியதால் சத்துமாவுக்குக் கூட. கைவேலைக்கு இருப்பது 90 மணித்தியாலம், அதாவது 5,400 நிமிடம்.

மில் நிமிடத்துக்குச் சத்துமா முந்துகிறது, முன்பு பார்த்த 70க்கு 50. கைவேலை நிமிடத்துக்கோ கறித்தூள் ரூ. 83.33, சத்துமா ரூ. 35. இரண்டு வரிசையும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. மில் வரிசைப்படி போனால் சத்துமா 600, கைவேலை தீர்ந்து கறித்தூள் 100தான், ரூ. 2,18,000. கைவேலை வரிசைப்படி போனால் கறித்தூள் 400, மில் நேரம் தீர்ந்து சத்துமா 200, ரூ. 2,56,000. இரண்டுமே சிறந்த விடையல்ல. சிறந்த கலவைக்கு, எல்லா வளங்களின் எல்லைகளையும் சமனிலிகளாக எழுதி ஒன்றாகத் தீர்க்கும் நேரியல் நிரலாக்கம் வேண்டும். இரண்டு வரிசையும் ஒன்றாக வந்திருந்தால் நேரியல் நிரலாக்கம் தேவையில்லை. முதலில் அதைச் சோதித்துவிட்டுத்தான் வரைபுத்தாளை எடுக்க வேண்டும்.

சமனிலிகளை எழுதவே வராது. எங்க தொடங்கிறது?

x, y என்பவை என்ன என்று ஒரு வசனத்தில் எழுதித் தொடங்குங்கள். x = கிழமைக்குச் செய்யும் கறித்தூள் கிலோ, y = சத்துமா கிலோ. இதை எழுதாமல் போனால் பின்னால் எல்லாம் குழம்பும். அப்புறம் எதை உச்சமாக்கப் போகிறோம் என்ற குறிக்கோள், அதன் கீழே வளத்துக்கு ஒரு வரி.

```
உச்சமாக்க வேண்டிய பங்களிப்பு:  C = 500x + 280y
மில் நேரம்:       10x + 4y <= 4800
கைவேலை:          6x + 8y <= 5400
கேள்வி:           x <= 400,  y <= 600
                  x >= 0,    y >= 0
```

இடப்பக்கம் நிமிடம் என்றால் வலப்பக்கமும் நிமிடம்தான். ஒரு பக்கம் 10 நிமிடமும் மற்றப் பக்கம் 80 மணித்தியாலமும் எழுதிவிட்டு, "கோடு வரைபுத்தாளுக்குள் அடங்குதில்லை" என்று வருகிறவர்கள் உண்டு. கோடு விசித்திரமான இடத்தில் விழுந்தால் முதலில் அலகைப் பாருங்கள்.

வரைபில சிறந்த புள்ளியை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

மில் கோடு (480, 0), (0, 1200) என்ற புள்ளிகளை இணைக்கும். கைவேலைக் கோடு (900, 0), (0, 675). கேள்விக்கு x = 400இல் நிமிர்ந்த கோடும் y = 600இல் கிடைக்கோடும். எல்லாச் சமனிலிக்கும் பொருந்தும் பகுதி, (0, 0) புள்ளியோடு ஒட்டிய பலகோணம். அதுதான் சாத்தியப் பிரதேசம்.

இனி பங்களிப்புக் கோடு. இலகுவாக வெட்டும் ஒரு தொகையை எடுங்கள். ரூ. 1,40,000 என்றால் (280, 0), (0, 500). இந்தக் கோட்டில் அடிமட்டத்தை வைத்து, சரிவு மாறாமல் மேலே வலப்பக்கமாக நகர்த்துங்கள். பிரதேசத்தை விட்டு விலகுமுன் கடைசியாகத் தொடும் உச்சிதான் விடை. இங்கே அது மில் கோடும் கைவேலைக் கோடும் வெட்டும் புள்ளி. வரைபில் கண்ணால் வாசிக்காமல் ஒருங்கமை சமன்பாடாகத் தீருங்கள். மில் சமன்பாட்டை இரட்டிப்பாக்கினால் 20x + 8y = 9,600. கைவேலையைக் கழித்தால் 14x = 4,200. x = 300, y = 450. பங்களிப்பு 1,50,000 + 1,26,000 = ரூ. 2,76,000. வரிசை முறை தந்த சிறந்த விடையை விட ரூ. 20,000 கூட.

அடிமட்டம் நகர்த்தேக்க கை வழுக்குது. வேற வழி இல்லையோ?

ஒவ்வொரு உச்சியையும் C-க்குள் போட்டுப் பார்க்கலாம். (400, 0) 2,00,000. (400, 200) 2,56,000. (300, 450) 2,76,000. (100, 600) 2,18,000. (0, 600) 1,68,000. உச்சிகளில் மட்டும் பார்த்தால் போதும். பங்களிப்புக் கோடு நேர்கோடு, பிரதேசத்தின் எல்லையும் நேர்கோடுகள், ஆகவே கடைசியாகத் தொடும் இடத்தில் ஒரு உச்சியாவது கட்டாயம் இருக்கும்.

"ஒரு உச்சியாவது" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சத்துமாவின் பங்களிப்பு 280க்குப் பதிலாக 200 என்றால் பங்களிப்புக் கோடு மில் கோட்டுக்குச் சமாந்தரமாகிவிடும். (300, 450), (400, 200) இரண்டும் ரூ. 2,40,000 தரும், இடையில் உள்ள புள்ளிகள் எல்லாமும் அதையே தரும். இரண்டு உச்சி ஒரே தொகை தந்தால் கணக்குப் பிழைத்ததாக நினைத்து அழிக்க வேண்டாம். விடையில் அப்படியே எழுதுங்கள்.

நிழல் விலை எண்டா என்ன? அதை எப்பிடிக் கணிக்கிறது?

தட்டுப்பாடான வளம் இன்னும் ஒரு அலகு கிடைத்தால் மொத்தப் பங்களிப்பு எவ்வளவு கூடும் என்பதே நிழல் விலை. மில் நேரத்துக்கு 140 நிமிடம் கூட்டிப் பார்ப்போம். தொகை முழுதாக வரட்டும் என்பதற்காகத்தான் 140. 10x + 4y = 4,940, கைவேலை அதே 5,400. தீர்த்தால் x = 320, y = 435. பங்களிப்பு ரூ. 2,81,800. கூடியது 5,800. அதை 140ஆல் பிரித்தால் நிமிடத்துக்கு ரூ. 41.43, மணித்தியாலத்துக்கு சுமார் ரூ. 2,486.

கைவேலைக்கு 140 நிமிடம் கூட்டினால் x = 290, y = 475, பங்களிப்பு ரூ. 2,78,000. நிமிடத்துக்கு ரூ. 14.29தான். மில் நேரம் கூடியபோது சத்துமா குறைந்து கறித்தூள் கூடியதையும், கைவேலை கூடியபோது அது மறுவளமானதையும் கவனியுங்கள். கூட வந்த நேரத்தைப் பாவிப்பதற்காகக் கலவை முழுவதுமே மறுபடி சரிக்கட்டப்படுகிறது. அதனால்தான் மில் நிமிடத்தின் பெறுமதி முன்பு கண்ட 70ஆகவோ 50ஆகவோ இராமல் 41.43ஆக வருகிறது.

விடையைச் சோதிக்க ஒரு நல்ல வழி: 4,800 நிமிடத்தை 41.43ஆலும், 5,400 நிமிடத்தை 14.29ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். தசமத்தை வெட்டாமல் செய்தால் சரியாக 2,76,000 வரும்.

அப்ப பக்கத்து மில்லுக்கு மணித்தியாலத்துக்கு 2,486 வரை குடுக்கலாமோ?

நிழல் விலை என்பது வழமையான கிரயத்துக்கு மேலே கொடுக்கக்கூடிய உச்ச மேலதிகம். நமது கறித்தூளின் மாறும் கிரயம் 1,300க்குள் மில் ஓட்டும் கூலியும் மின்சாரமும் ஏற்கனவே கழிக்கப்பட்டிருந்தால், பக்கத்து மில்லில் அரைக்கும்போது அந்தச் செலவு மிஞ்சும். அது மணித்தியாலத்துக்கு ரூ. 300 என்றால் 2,786 வரை கொடுத்தாலும் நட்டமில்லை. மில் செலவு நிலையானதாக வைக்கப்பட்டிருந்தால் உச்சம் 2,486. அந்த உச்சத்தையே கொடுத்தால் முழு உழைப்பும் மில்காரருக்குத்தான் போகும், பேரம் அதற்குக் கீழே பேச வேண்டும்.

எல்லையும் உண்டு. மில் நேரம் கூடக் கூடக் கறித்தூள் கூடிக்கொண்டே போய் 400 கிலோக் கேள்வியை முட்டும். அது 5,500 நிமிடத்தில் நடக்கும். ஆகவே மேலதிகமாக 700 நிமிடம் வரைக்கும்தான் இந்த விலை. 701ஆவது நிமிடத்துக்கு ஒரு சதமும் பெறுமதி இல்லை, கைவேலை தீர்ந்திருக்கும், கறித்தூள் கேள்வியும் முடிந்திருக்கும். "எவ்வளவு நேரம் வாடகைக்கு எடுப்பது?" என்று கேட்கப்பட்டால் விலையோடு இந்த 700ஐயும் எழுதாதவருக்குப் பாதி விடைதான்.

விளம்பரம் போட்டுக் கேள்வியைக் கூட்டினா நல்லம்தானே?

இந்தக் கிழமைத் திட்டத்தில் இல்லை. கறித்தூளுக்கு 400 கேட்கிறார்கள், 300தான் செய்கிறோம். சத்துமாவுக்கு 600 கேட்கிறார்கள், 450 செய்கிறோம். இருக்கிற கேள்வியிலேயே தளர்வு உண்டு, தளர்வு உள்ள கட்டுப்பாட்டின் நிழல் விலை பூச்சியம். அந்தக் காசை மில் நேரத்துக்குப் போடலாம்.

செத்தல் மிளகாய் விலை ஏறினா திட்டம் முழுக்க மாத்த வேணுமோ?

பெரும்பாலும் வேண்டாம். பங்களிப்புக் கோட்டின் சரிவு கைவேலைக் கோட்டின் சரிவுக்கும் (6/8 = 0.75) மில் கோட்டின் சரிவுக்கும் (10/4 = 2.5) இடையில் இருக்கும்வரை அதே உச்சிதான் விடை. இப்போது அது 500/280, சுமார் 1.79. சத்துமா 280இல் நிற்க, கறித்தூளின் பங்களிப்பு 210இலிருந்து 700 வரை எங்கே இருந்தாலும் 300 கிலோவும் 450 கிலோவும்தான். மிளகாய் விலையால் கிலோவுக்கு ரூ. 200 போனாலும் வருமானம் குறையும், திட்டம் மாறாது. நிழல் விலைகள் மட்டும் மாறும், பக்கத்து மில்லோடு பேசுமுன் அவற்றைப் புதிதாகக் கணிக்க வேண்டும்.

"சத்துமா கறித்தூளின் இரண்டு மடங்குக்கு மேல் போகக்கூடாது" எண்டா y <= 2x ஓ, x <= 2y ஓ?

y <= 2x. சந்தேகம் வந்தால் விதியை மீறும் ஒரு சோடி எண்ணைப் போடுங்கள். கறித்தூள் 100, சத்துமா 250 என்பது விதிக்கு மாறானது. y <= 2x இல் 250 <= 200, பொய். x <= 2y இல் 100 <= 500, உண்மை. மீறலைப் பிடிப்பது முதலாவது. நமது 300, 450 இந்த விதிக்குள் அடங்குவதால் விடை மாறாது.

மூண்டு சாமான் எண்டா வரைபு கீற ஏலாதே?

ஏலாது. அதற்குத்தான் 1947இல் ஜோர்ஜ் டான்சிக் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறை. கையால் அட்டவணை போடலாம், ஆனால் தொழில் நடத்துகிறவருக்கு எக்செல் போதும். `Solver` இல் `Simplex LP` ஐத் தெரிவுசெய்து, தீர்வு வந்ததும் `Sensitivity` அறிக்கையையும் எடுங்கள். நமது இரண்டு பொருள் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். மில் வரியில் `Shadow Price` 41.43, `Allowable Increase` 700 என்று வந்தால் நீங்கள் உள்ளிட்டது சரி. பிறகு மூன்றாவது பொருளைச் சேருங்கள்.

கணக்கில சரி, ஆனா மில்லில இப்பிடி நடக்குமோ?

அப்படியே நடக்காது, ஒரு திருத்தம் வேண்டும். நேரியல் கணக்கு, ஒரு கிலோவுக்கு 4 நிமிடம் என்றால் எத்தனை கிலோவுக்கும் அதே விகிதம் என்று எடுத்துக்கொள்கிறது. மிளகாய் அரைத்த மில்லில் உடனே சத்துமாவைப் போட்டால் குழந்தைக்குக் கொடுக்க முடியாதபடி உறைக்கும். மில்லைத் தட்டித் துடைத்து, கொஞ்ச அரிசி போட்டு அரைத்து அந்த மாவை ஒதுக்கி, பிறகுதான் சத்துமா. அந்த நேரம் கிலோவைப் பொறுத்ததல்ல, எத்தனை தடவை மாறுகிறோம் என்பதைப் பொறுத்தது. 10x + 4y என்ற வரிக்குள் அதற்கு இடமில்லை.

செய்யக்கூடியது, மாறும் தடவையை முதலில் முடிவு செய்து அந்த நேரத்தை 4,800இலிருந்து கழித்துவிட்டு மிச்சத்துக்குத் தீர்ப்பது. கிழமைக்கு ஒரு தடவைதான் துப்புரவு, அதற்கு 70 நிமிடம் என்று வையுங்கள். மேலே கண்ட நிழல் விலைப்படி அது ரூ. 2,900. ஒவ்வொரு நாளும் இரண்டையும் மாறி மாறி அரைத்தால் ஆறு நாளைக்கு அதன் ஆறு மடங்கு. இரண்டு மில் இருப்பதால் ஒன்றைச் சத்துமாவுக்கென்றே ஒதுக்க முடியுமா என்றும் பாருங்கள். 70 நிமிடம் கழித்து 4,730க்குத் தீர்த்தால் சத்துமாவுக்கு 1,830 நிமிடம், ஒரு மில்லின் 2,400க்குள் அடங்கும். ஆனால் கறித்தூளுக்கு 2,900 தேவை, மற்ற மில்லில் 2,400தான். எப்படியும் 500 நிமிடக் கறித்தூள் சத்துமா மில்லுக்கு வர வேண்டும். அதைக் கிழமைக் கடைசியில், சத்துமா முழுக்க முடிந்த பிறகு போட்டால் துப்புரவு ஒரே தடவைதான்.